பவானி முன்சீப் கோர்ட் சம்மன்: உங்களிடம் கேட்பது என்ன, எந்தத் தேதிக்குள், என்ன செய்ய வேண்டும்

அ.வ.எண் 11/2026. முதல் பிரதிவாதி உங்கள் கணவர், இரண்டாம் பிரதிவாதி நீங்கள்.

அம்மா, நீங்கள் கொண்டுவந்த சம்மனையும் அதோடு இணைத்திருந்த வழக்குரையின் நகலையும் படித்து எழுதியது இது. வீட்டில் உங்கள் கணவருக்கும் படித்துக் காட்டுங்கள்.

முதலில் மூன்று தேதிகள்

10.03.2026, செவ்வாய், காலை 10.30: நீங்கள் நேரில் அல்லது வக்கீல் மூலம் கோர்ட்டில் ஆஜராக வேண்டிய நாள்.

18.03.2026, புதன்: உங்கள் பதிலை (எதிருரை) எழுத்தில் தாக்கல் செய்யும் 30 நாள் கெடு முடியும் நாள். இந்தக் கெடு, சம்மன் உங்கள் கைக்கு வந்த 16.02.2026 முதல் ஓடுகிறது. பலரும் வாய்தா நாளிலிருந்து எண்ணி ஏமாந்துபோகிறார்கள்.

17.05.2026: தக்க காரணம் காட்டினால் நீதிமன்றம் நீட்டித்துத் தரக்கூடிய 90 நாளின் முடிவு. அது ஞாயிற்றுக்கிழமை, அதோடு மே மாதம் சிவில் கோர்ட்டுகளுக்குக் கோடை விடுமுறை. ஆகவே இந்தத் தேதியை நம்பி இருக்காதீர்கள். 18.03.2026 தான் உங்கள் கெடு.

இது என்ன வழக்கு

பணம் வசூல் கேட்கும் சிவில் வழக்கு. போலீஸ் வழக்கு அல்ல, சம்மன் வந்ததற்காக யாரும் உங்களைப் பிடித்துப் போக முடியாது. பின்னால் தோற்று, பணம் கட்டச் சொல்லி டிகிரி என்ற தீர்ப்பு ஆனாலும், பண டிகிரிக்காகப் பெண்ணைக் கைது செய்யச் சட்டம் இடம் தரவில்லை. ஆனால் சொத்தை ஜப்தி செய்யலாம். டிகிரியை நிறைவேற்ற அவர்களுக்கு 12 ஆண்டு அவகாசமும் உண்டு. கைது இல்லை என்பதால் சும்மா விட்டுவிடக் கூடாது.

வாதி சொல்வது

10.01.2023 அன்று நீங்கள் இருவரும் சேர்ந்து ரூ.2,00,000 வாங்கி, புரோநோட்டில் கையெழுத்துப் போட்டீர்களாம். வட்டி நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய், அதாவது வருடத்துக்கு 12 சதவீதம். இதுவரை அசலும் தரவில்லை, வட்டியும் தரவில்லை என்கிறார். வழக்குப் போட்ட 05.01.2026 வரை அவர் போட்டிருக்கும் கணக்கு:

அசல் 2,00,000
வட்டி 71,671
மொத்தம் ரூ.2,71,671

இதோடு வழக்குத் தேதியிலிருந்து பணம் வந்து சேரும் நாள் வரையிலான வட்டியும், வழக்குச் செலவும் கேட்டிருக்கிறார். வட்டிக் கணக்கை நாங்கள் போட்டுப் பார்த்தோம், கூட்டலில் தப்பில்லை.

"மூன்று வருஷம் ஆகிவிட்டதே, வழக்கு செல்லாதே" என்று உங்கள் கணவர் சொன்னதாகச் சொன்னீர்கள். அந்த மூன்று வருஷக் கெடு முடிய ஐந்து நாள் இருக்கும்போதே வழக்குப் போட்டுவிட்டார்கள். அந்த வாதம் இங்கே நிற்காது.

நீங்கள் சொல்ல வேண்டியது

2024-ல் மூன்று தடவையாக 15,000 வீதம் ரூ.45,000 கட்டியதாகச் சொன்னீர்கள். வழக்குரையில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. நீங்கள் இணைப்பில் பார்த்த புரோநோட்டு நகலின் பின்பக்கமும் வரவு எதுவும் எழுதாமல் வெறுமையாக இருக்கிறது. உங்கள் வழக்கின் உயிர் இந்த 45,000 தான். அது வட்டியில் கழிந்தால் 05.01.2026 வரை பாக்கி ரூ.2,26,671 ஆகிறது.

சிக்கல் ஒன்று உண்டு. பணம் வாதியின் எண்ணுக்குப் போகாமல் அவர் மகனின் ஜிபே எண்ணுக்குப் போயிருக்கிறது. "அது வேறு கணக்குக்கான பணம்" என்று அவர்கள் சொல்லத்தான் செய்வார்கள். அதனால் ஜிபே ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. பேங்க்கில் 2024 முழுவதுக்குமான ஸ்டேட்மென்ட்டை முத்திரை, கையெழுத்தோடு வாங்குங்கள். வட்டி அனுப்பச் சொல்லி வாதி வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தி, மகனின் எண் இருக்கும் செய்தி, எதையும் அழிக்காதீர்கள். போனையும் மாற்றாதீர்கள்.

"வெற்று புரோநோட்டில்தான் கையெழுத்துப் போட்டோம்" என்பதும் உண்மையாக இருக்கலாம். ஆனாலும் அதை முதல் ஆயுதமாக நம்ப வேண்டாம். முத்திரை ஒட்டிய வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், நிரப்பும் உரிமையையும் கொடுத்ததாகத்தான் சட்டம் பார்க்கிறது. கையெழுத்து உங்களுடையது என்று ஒப்புக்கொண்டால், பணம் வாங்கினீர்கள் என்றே கோர்ட் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்ட வேண்டியது உங்கள் பொறுப்பாகிவிடும்.

எதிருரையில் "எல்லாம் பொய்" என்று மொத்தமாக எழுதினால் பயனில்லை. வழக்குரையின் ஒவ்வொரு பத்திக்கும் எது சரி, எது தவறு என்று தனித்தனியாகப் பதில் வேண்டும். மறுக்காமல் விட்ட சங்கதி ஒப்புக்கொண்டதாகிவிடும். கையில் உள்ள ஆவணங்களை எதிருரையோடே தாக்கல் செய்ய வேண்டும். பிறகு கொடுக்கக் கோர்ட்டின் அனுமதி கேட்க வேண்டியிருக்கும்.

கணவரின் சம்மன்

அவர் திருப்பூரில் இருப்பதால் அவர் பிரதியையும் நீங்களே கையெழுத்திட்டு வாங்கியிருக்கிறீர்கள். வீட்டில் உள்ள வயது வந்தவர் வாங்கினால் அவருக்கே சம்மன் கிடைத்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். எனவே 18.03.2026 அவருக்கும் பொருந்தும் என்று வைத்துக்கொள்ளுங்கள். "எனக்குத் தெரியாது" என்று பின்னால் சொல்வது கடினம். இருவருக்கும் ஒரே வக்கீல் இருக்கலாம், ஆனால் வக்காலத்தில் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

பெண் என்பதால், வருமானம் எவ்வளவு இருந்தாலும் உங்களுக்கு இலவச வக்கீல் கிடைக்கும். பவானி கோர்ட் வளாகத்தில் வட்ட சட்டப் பணிகள் குழுவிடம் விண்ணப்பம் கொடுங்கள். ஆதார் நகல், சம்மன், வழக்குரை நகல் மூன்றையும் எடுத்துப் போங்கள். உங்கள் கணவருக்கு வருமானம் பார்ப்பார்கள், அதற்கான சான்றை அவர் கொண்டுவரட்டும். சந்தேகம் இருந்தால் 15100-க்கு அழைக்கலாம். வக்கீல் நியமிக்கச் சில நாட்கள் பிடிக்கும் என்பதால் 10-ம் தேதிவரை காத்திருக்காதீர்கள். சம்மன் உறையையும் தூக்கி எறியாதீர்கள்.

10-ம் தேதி வக்கீல் இன்னும் கிடைக்கவில்லை என்றாலும் நீங்கள் போயே ஆக வேண்டும். வழக்கு எண்ணும் பெயரும் கூப்பிடும்போது உள்ளே போய், "சட்ட உதவிக்கு விண்ணப்பித்திருக்கிறேன், நேரம் வேண்டும்" என்று நீதிபதியிடம் சொல்லுங்கள். போகாவிட்டால் எக்ஸ்பார்ட்டி ஆகி, அதாவது உங்கள் பக்கத்தைக் கேட்காமலே, அவர் சொன்ன 2,71,671-க்கே டிகிரி ஆகலாம். அதை நீக்க டிகிரி தேதியிலிருந்து 30 நாளுக்குள் மனுப் போட்டு, வராததற்கு நியாயமான காரணம் காட்ட வேண்டும். அடுத்த வாய்தா தேதியை `services.ecourts.gov.in` தளத்தில் வழக்கு எண்ணைப் போட்டுப் பார்க்கலாம்.

சமாதானமாகப் போக விருப்பம் என்றால் லோக் அதாலத்துக்கு அனுப்பும்படி கேளுங்கள். அங்கே முடிந்தால் வாதிக்கும் கோர்ட் ஃபீஸ் திரும்பக் கிடைக்கும், அதனால் அவரும் இறங்கிவர வாய்ப்புண்டு. தவணைக்கு ஒத்துக்கொண்டால் தொகையும் தேதியும் கோர்ட் பதிவில் வர வேண்டும். வழக்கு நடக்கும்போது வெளியில் வைத்து வாதியிடமோ மகனிடமோ ஒரு ரூபாய்கூடக் கையில் கொடுக்காதீர்கள். புதிதாக எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.