கடைசி ஓவருக்கு ஆர்?

தம்பி, உன் சந்தைப்படுத்தல் செயற்றிட்டத்தில் நிலைப்படுத்தல், அதாவது பொசிஷனிங், என்ற தலைப்புக்குக் கீழே "எங்கள் மாசிச் சம்பல் சுவையானது, தரமானது, மலிவானது, எல்லோருக்கும் ஏற்றது" என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை வெட்டிவிடு.

பின்னேரம் டச்பே கடற்கரையில் பந்தடிக்கிறீர்கள். கடைசி ஓவர், எதிரணிக்கு ஆறு ஓட்டம்தான் வேணும். "ஆர் போடுறது?" என்றதும் எல்லோர் வாயிலும் ஒரே பெயர் வரும். அவன் பிடியை விடுவான், துடுப்பாட்டமும் சுமார். ஆனாலும் அந்த ஓவருக்கு அவன்தான், ஏனென்றால் அவனுடைய யோர்க்கர் விழும் என்று எல்லோருக்கும் தெரியும். எல்லாவற்றையும் ஓரளவு செய்கிறவன் அந்த நேரம் ஒருவருக்கும் நினைவில் வரமாட்டான். பொசிஷனிங் இதுதான்: ஒரு தேவை வந்ததும் ஆட்களுக்கு முதலில் நினைவில் வரும் பெயராக இருப்பது. தலையிடித்தால் கடையில் "பனடோல் இருக்கா?" என்றுதானே கேட்கிறோம்? பரசிற்றமோல் வேறு பெயர்களிலும் விற்கிறது.

இப்போது உன் போத்தலுக்கு எது கடைசி ஓவர் என்று பார். கோணேசபுரி வளாகத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கும் மாணவர்களை எடுத்துக்கொள். இரவு பசிக்கும், சமைக்க வசதியில்லை, கையில் பாண் இருக்கும். அப்படியென்றால் இப்படி எழுதலாம்: "அறையில் தங்கிப் படிக்கும் மாணவருக்கு, சமைக்காமல் பாணோடு சாப்பிட வீட்டுச் சம்பல். கடைச் சம்பலைவிட மாசி கூட. எவ்வளவு என்று லேபிளில் இருக்கு." ஆருக்கு, எந்த நேரத்துக்கு, எதற்குப் பதிலாக, நம்புவதற்கு என்ன ஆதாரம் என்ற நாலும் இதற்குள் வந்துவிட்டன. எதற்குப் பதிலாக என்பதைத்தான் பலரும் விட்டுவிடுவார்கள். உன் போட்டி மற்றச் சம்பல் போத்தல் மட்டுமல்ல, இரண்டு நிமிட நூடில்ஸும்தான்.

உன் சம்பலும் போட்டிப் பொருட்களும் ஆட்களின் மனதில் எங்கெங்கே நிற்கின்றன என்று காட்டும் வரைபடத்தை ஆசிரியர் கேட்பார். விலையையும் தரத்தையும் அச்சுகளாகப் போடாதே. விலை கூடினால் தரமும் கூடும் என்றே ஆட்கள் நினைப்பதால் புள்ளிகள் எல்லாம் ஒரே சாய்கோட்டில் விழும், வெற்றிடம் தெரியாது. ஒன்றையொன்று சாராத இரண்டை எடு: உறைப்பு, சாப்பிடத் தயாராகும் நேரம். புள்ளிகளை நீயே ஊகித்து வைக்காமல் பத்து மாணவரிடம் மதிப்பெண் வாங்கிச் சராசரி போடு. வெற்றிடம் கிடைத்தாலும் அவசரப்படாதே. அங்கே வாங்க ஆளில்லாததாலும் அது வெறுமையாக இருக்கலாம், அதையும் அவர்களிடமே கேள்.

பிறகு போத்தலைப் பார். 400 கிராம் கண்ணாடிப் போத்தல் குடும்பத்துக்குரியது. தனியே தங்கும் மாணவருக்கு 100 கிராம் போதும், அகன்ற வாய் இருந்தால் கரண்டி போகும். வசனம் ஒன்று சொல்ல, போத்தல் வேறொன்று சொன்னால் ஆட்கள் போத்தலைத்தான் நம்புவார்கள்.

கடைசியாக ஒரு சோதனை. வசனத்தையும் போத்தலையும் பத்துப் பேருக்குக் காட்டு. இரண்டு நாள் கழித்து, "அது என்ன சம்பல்?" என்று மட்டும் கேட்டு, பதில்களை அவர்கள் சொன்னபடியே எழுது. "நல்ல சம்பல்" என்று வந்தால் வசனத்தை மாற்று. "ராவில பாணுக்கு" என்று வந்தால் அந்தப் பதில்களை அப்படியே அறிக்கையில் ஒட்டு.