அரைவட்டத் தகட்டின் செண்ட்ராய்டு: 4r/3π எப்படி வருகிறது?

முதலாண்டு மெக்கானிக்ஸ் படிக்கும் யாரைக் கேட்டாலும் 4r/3π என்று உடனே சொல்லிவிடுவார்கள். ‘தொகையிடல் முறையில் நிறுவுக’ என்று கேள்வி வந்தால்தான் பேனா நின்றுவிடுகிறது. நிற்கும் இடமும் பெரும்பாலும் ஒன்றுதான்: தகட்டைப் பட்டைகளாக வெட்டியாயிற்று, அந்தப் பட்டையின் தூரமாக எதைப் போடுவது? அதில் தெளிவு வந்துவிட்டால் மீதி எல்லாம் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குத்தான்.

முதலில் படம். சீரான தடிமனுள்ள, ஒரே உலோகத்தாலான அரைவட்டத் தகடு, ஆரம் r. விட்டத்தை x அச்சின் மேல் படுக்கவைத்து, வட்டத்தின் மையத்தை ஆதிப்புள்ளி O என்று எடுத்துக்கொள்ளுங்கள். வளைவு மேல்பக்கம். அதன் சமன்பாடு x² + y² = r², இதில் y ≥ 0.

அடர்த்தியும் தடிமனும் எங்கும் ஒன்றே என்பதால் தொகுதியிலும் பகுதியிலும் அவை அடிபட்டுப்போகும். மிஞ்சுவது பரப்பளவு மட்டும். தகட்டின் நிறை மையமும் பரப்பின் செண்ட்ராய்டும் இங்கே ஒரே புள்ளியாவது இதனால்தான்.

y அச்சின் இரு பக்கமும் தகடு சமச்சீராக இருக்கிறது. ஆகவே x̄ = 0. தேர்வில் இந்த வரியைக் காரணத்தோடு எழுதிவிடுங்கள், அதற்குத் தொகையிடல் தேவையில்லை. நாம் தேட வேண்டியது ȳ மட்டும்:

ȳ = (∫ y dA) / A,  A = πr²/2

மேலே இருப்பது x அச்சைப் பொறுத்த பரப்பின் திருப்புத்திறன். ஒவ்வொரு துண்டின் பரப்பையும் அந்தத் துண்டு விட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதனால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டுகிறோம்.

கணக்கில் இறங்குமுன் விடை எங்கே விழும் என்று கொஞ்சம் யோசிக்கலாம். 2r அகலமும் r உயரமும் உள்ள செவ்வகமாக இருந்தால் செண்ட்ராய்டு r/2 உயரத்தில் இருக்கும். அதே அடிப்பக்கமும் உயரமும் உள்ள முக்கோணமானால் r/3. அரைவட்டம் மேலே போகப்போகக் குறுகுகிறது, ஆனால் முக்கோணம் அளவுக்கு வேகமாக இல்லை. ஆக 0.33r-க்கும் 0.5r-க்கும் நடுவில் ஏதோ ஓர் எண் வர வேண்டும். இந்த எல்லைக்கு வெளியே விடை வந்தால் எங்கோ சறுக்கியிருக்கிறோம் என்று அர்த்தம்.

கிடைமட்டப் பட்டை

விட்டத்துக்கு இணையாக, y உயரத்தில், dy தடிமனில் ஒரு பட்டை. இதன் இரு முனைகளும் வளைவின் மேல் இருக்கின்றன. வட்டச் சமன்பாட்டிலிருந்து x = ±√(r² − y²). எனவே பட்டையின் நீளம் 2√(r² − y²), பரப்பு

dA = 2√(r² − y²) dy

பட்டை முழுவதும் ஒரே உயரத்தில் இருக்கிறது. அதனால் அதன் செண்ட்ராய்டின் உயரமும் y-தான். சந்தேகத்துக்கே இடமில்லை. திருப்புத்திறன்:

∫₀ʳ y · 2√(r² − y²) dy

இங்கே u = r² − y² என்று பிரதியிட்டால் du = −2y dy. 2y dy ஏற்கெனவே கைக்கு வாகாக உட்கார்ந்திருக்கிறது பாருங்கள். எல்லைகளையும் மாற்ற மறக்க வேண்டாம்: y = 0 என்றால் u = r², y = r என்றால் u = 0. கழித்தல் குறி எல்லைகளைப் புரட்டிவிடும்:

∫₀^(r²) √u du = (2/3) u^(3/2), u = r² இல் = 2r³/3

அப்புறம் பரப்பால் வகுக்க வேண்டியதுதான்:

ȳ = (2r³/3) ÷ (πr²/2) = 4r/3π ≈ 0.4244r

எதிர்பார்த்த எல்லைக்குள் வந்துவிட்டது.

செங்குத்துப் பட்டை

சறுக்கல் நடப்பது இங்கேதான். இப்போது x இடத்தில், dx அகலத்தில், நிமிர்ந்து நிற்கும் பட்டை. உயரம் √(r² − x²), பரப்பு √(r² − x²) dx. இதன் அடி விட்டத்தின் மேல் இருக்கிறது, நுனி வளைவைத் தொடுகிறது. பட்டையின் ஒவ்வொரு பகுதியும் வேறுவேறு உயரத்தில் இருப்பதால், இதன் தூரமாக எடுக்க வேண்டியது பட்டையின் சொந்தச் செண்ட்ராய்டின் உயரம். மெல்லிய செவ்வகம் என்பதால் அது பாதி உயரம்: ½√(r² − x²).

திருப்புத்திறன்:

∫ ½√(r² − x²) · √(r² − x²) dx = ½ ∫ (r² − x²) dx, x = −r முதல் r வரை

வர்க்கமூலம் காணாமல் போய்விட்டது. பிரதியிடலே வேண்டாம்:

½ [r²x − x³/3], −r முதல் r வரை = ½ (2r³ − 2r³/3) = 2r³/3

அதே 2r³/3. எனக்குப் பிடித்த வழி இதுதான், நேரமும் குறைவு. ஆனால் அந்த ½-ஐ மறந்து வளைவின் உயரத்தையே தூரமாக எடுத்தால் 8r/3π, அதாவது 0.849r வரும். தகட்டின் எடையெல்லாம் உச்சியில் குவிந்திருக்கிறது என்று சொல்வதற்குச் சமம். முன்கூட்டியே போட்டுவைத்த எல்லை இந்த மாதிரி இடத்தில்தான் காப்பாற்றும்.

பீட்சாத் துண்டு முறை

மூன்றாவது வழி: தகட்டை O-விலிருந்து dθ கோணமுள்ள மெல்லிய துண்டுகளாக வெட்டுவது. ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட ஒரு முக்கோணம். பரப்பு ½r² dθ. முக்கோணத்தின் செண்ட்ராய்டு உச்சியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் இருக்கும். உச்சி O, ஆகவே தூரம் 2r/3. விட்டத்திலிருந்து அதன் உயரம் (2r/3) sin θ.

∫ (2r/3) sin θ · ½r² dθ = (r³/3) ∫ sin θ dθ, θ = 0 முதல் π வரை = (r³/3)(2) = 2r³/3

இந்த வழியில் இன்னொரு விஷயமும் தெரிகிறது. எல்லாத் துண்டுகளின் செண்ட்ராய்டுகளும் 2r/3 ஆரமுள்ள ஓர் அரைவட்ட வளைவின் மேல் சமமாகப் பரவி நிற்கின்றன. அதாவது தகட்டுக்குப் பதிலாக 2r/3 ஆரத்தில் வளைத்த ஒரு கம்பியை வைத்தாலும் செண்ட்ராய்டு அதே இடம்தான். R ஆரமுள்ள அரைவட்டக் கம்பிக்கு விடை 2R/π. அதில் R = 2r/3 என்று போட்டால் 4r/3π வந்து நிற்கிறது. கம்பிக்கு எது, தகட்டுக்கு எது என்று குழம்புகிறவர்கள் இந்தத் தொடர்பைப் பிடித்துக்கொள்ளலாம். கம்பிக்கு 0.637 மடங்கு, தகட்டுக்கு 0.424 மடங்கு. கம்பியில் எடை முழுவதும் ஓரத்தில் இருப்பதால் அதன் செண்ட்ராய்டு மேலே நிற்கிறது.

தொகையிடலே இல்லாமல் சரிபார்க்கவும் ஒரு வழி உண்டு. கி.பி. 4-ஆம் நூற்றாண்டில் அலெக்சாண்ட்ரியாவில் வாழ்ந்த பாப்பஸ் பெயரில் வழங்கும் தேற்றம் அது: ஒரு பரப்பை அதை வெட்டாத அச்சைச் சுற்றி ஒரு முழுச்சுற்று சுழற்றினால் கிடைக்கும் கன அளவு, பரப்பையும் செண்ட்ராய்டு நகர்ந்த தூரத்தையும் பெருக்கினால் கிடைப்பது. அரைவட்டத்தை விட்டத்தைச் சுற்றிச் சுழற்றினால் கோளம். எனவே (πr²/2)(2πȳ) = (4/3)πr³. ȳ = 4r/3π. ‘தொகையிடல் முறையில்’ என்று கேட்டிருந்தால் இதை மட்டும் எழுதி மதிப்பெண் எதிர்பார்க்காதீர்கள். ஓரத்தில் சரிபார்ப்பாகப் போட்டுக்கொள்ளலாம்.

பலர் நம்பியிருக்கும் ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். செண்ட்ராய்டு வழியே விட்டத்துக்கு இணையாகக் கோடு போட்டால் பரப்பு சரிபாதியாகும் என்பது தவறு. அந்தக் கோட்டுக்குக் கீழே சுமார் 52.4 சதவீதமும் மேலே 47.6 சதவீதமும் இருக்கும். பரப்பைச் சரிபாதியாக்கும் கோடு 0.404r உயரத்தில், கொஞ்சம் கீழே இருக்கிறது. செண்ட்ராய்டில் சமமாவது திருப்புத்திறன். மேலே பரப்பு குறைவு, ஆனால் உச்சிப்பகுதி தூரமாக இருக்கிறது. அந்தத் தூரம் குறைவை ஈடுகட்டிவிடுகிறது.

எண்களில் ஒரு கணக்கு

60 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரமுள்ள செவ்வகத் தகட்டின் மேல் விளிம்பில், 30 செ.மீ. ஆரமுள்ள அரைவட்டம் ஒட்டியிருக்கிறது. அடிவிளிம்பிலிருந்து செண்ட்ராய்டு எவ்வளவு உயரம்?

செவ்வகம்: பரப்பு 2400, உயரம் 20, திருப்புத்திறன் 48000. அரைவட்டம்: பரப்பு 1413.7. அதன் சொந்தச் செண்ட்ராய்டு விட்டத்திலிருந்து 4 × 30/3π = 12.73 செ.மீ. அடிவிளிம்பிலிருந்து 52.73 செ.மீ. திருப்புத்திறன் சுமார் 74549.

ȳ = (48000 + 74549)/(2400 + 1413.7) = 32.13 செ.மீ.

இதே அரைவட்டத்தை ஒட்டாமல், மேல் விளிம்பிலிருந்து கீழ்நோக்கி வெட்டி எடுத்தால்? விட்டம் அதே மேல் விளிம்பில்தான் இருக்கிறது, ஆனால் வளைவு கீழே தொங்குகிறது. வெட்டிய பகுதியின் செண்ட்ராய்டு இப்போது 40 − 12.73 = 27.27 செ.மீ. உயரத்தில். பரப்பையும் திருப்புத்திறனையும் கழிக்க வேண்டும்:

ȳ = (48000 − 38549)/(2400 − 1413.7) = 9.58 செ.மீ.

இங்கே 52.73-ஐயே போட்டுக் கழித்தால் விடை எதிர்மறையாக வரும், தகட்டுக்கு வெளியே. 12.73 எப்போதும் விட்டத்திலிருந்து வளைவை நோக்கி அளக்கும் தூரம். வளைவு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

கடைசியாக, வீட்டில் செய்து பார்க்க ஒன்று. 15 செ.மீ. ஆரத்தில் கெட்டியான அட்டையில் ஓர் அரைவட்டம் வெட்டி, விட்டத்தின் ஒரு முனையில் ஊசி குத்தி, தாராளமாக ஆடும்படி தொங்கவிடுங்கள். அதே ஊசியில் நூலில் ஒரு சிறு எடையைக் கட்டித் தொங்கவிட்டு, நூல் போகும் பாதையைப் பென்சிலால் வரையுங்கள். ஆட்டம் நின்றதும் செண்ட்ராய்டு ஊசிக்கு நேர் கீழே இருக்கும். ஆகவே அந்தக் கோடு சமச்சீர் அச்சை O-விலிருந்து சுமார் 6.4 செ.மீ. தூரத்தில் வெட்ட வேண்டும். விட்டத்துக்கும் நூலுக்கும் இடையிலுள்ள கோணத்தையும் அளந்துகொள்ளுங்கள். tan α = ȳ/r = 4/3π, எனவே α ஏறக்குறைய 23°. ஆரம் அடிபட்டுப்போய்விட்டதால், எந்த அளவில் அட்டையை வெட்டினாலும் கோணம் இதேதான். பாகைமானி 30° பக்கம் காட்டினால் ஊசித்துளை இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள்.