ஆறு நிமிஷம்

அப்பாவின் கம்ப்யூட்டரில் D டிரைவைத் திறந்தால் OLD என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் இன்னொரு OLD, அதற்குள் மூன்றாவதாக ஒன்று. மெஷின் மாறும்போதெல்லாம் பழையதை அப்படியே வழித்தெடுத்துப் புதியதில் போட்டுவைப்பது அவர் வழக்கம். இன்சூரன்ஸ் பத்திரத்தின் ஸ்கேன் எங்கே இருக்கிறது என்று தேடப்போய்த்தான் நிவேதா அவ்வளவு ஆழத்துக்கு இறங்கினாள். பத்திரம் கிடைக்கவில்லை. PRINCE என்ற ஃபோல்டர் கிடைத்தது.

உள்ளே PRINCE.EXE, கொஞ்சம் DAT ஃபைல்கள், எட்டே பைட் அளவில் PRINCE.SAV. தேதி 1996 ஆகஸ்ட். அவள் பிறப்பதற்கு மூன்று வருஷம் முன்னால்.

அப்போது அப்பா கோவில்பட்டியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்திக்கொண்டிருந்தார். மாடியில் ஒரே ஹால். ஒரு பக்கம் ரெமிங்டன், ஃபாஸிட் மெஷின்கள். தடுப்புக்கு அந்தப் பக்கம் கடன் வாங்கிப் போட்ட இரண்டு 486 கம்ப்யூட்டர்கள். வேர்ட்ஸ்டார், லோட்டஸ், டிபேஸ் சொல்லிக்கொடுத்தார். தீப்பெட்டி ஆபீஸ் கணக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகளும், பாலிடெக்னிக் பையன்களும், லோயர் பாஸ் பண்ணிவிட்டு ஹையருக்குத் தட்டுகிற பெண்களும் வருவார்கள். நிவேதா பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபோது இன்ஸ்டிடியூட் இல்லை. அப்பா ஒரு கம்பெனியில் பில் போடும் வேலைக்குப் போய்விட்டார். அந்த நாட்களைப் பற்றி வீட்டில் அதிகம் பேசியதில்லை. போன மாதம் ஒரு விடியற்காலை நெஞ்சு வலிக்கிறது என்றவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்தது. கேட்டிருக்க வேண்டியவை எல்லாம் கேட்காமலே நின்றுவிட்டன.

பழைய டாஸ் கேம்களை ஓட்டுகிற டாஸ்பாக்ஸில் போட்டுத் திறந்தாள். பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா என்ற கேம். தலைப்புப் படம் வந்ததும், சேமித்த ஆட்டத்தைத் திறக்க Ctrl+L. திரையில் LEVEL 12 என்று வந்தது. வெள்ளை உடுப்பில் சின்ன மனிதன் ஒருவன் இருண்ட கோபுரத்துக்குள் நின்றான். ஸ்பேஸ் பாரைத் தட்டினால் 6 MINUTES LEFT.

இளவரசியைக் காப்பாற்ற மொத்தமே 60 நிமிஷம். செத்துச் செத்துப் பிழைத்தாலும் கடிகாரம் ஓடிக்கொண்டேயிருக்கும். அப்பா 54 நிமிஷத்தில் இந்தக் கோபுரத்தின் அடிவரை வந்து, சேமித்து, எழுந்து போயிருக்கிறார்.

நிவேதா முதல் தாவலிலேயே விழுந்து செத்தாள். இந்த மனிதன் மற்ற கேமில் வருகிறவர்களைப் போல விரல் சொன்னவுடன் கேட்பதில்லை. ஓடினால் நிற்க இரண்டடி வேண்டும். தாவ வேண்டுமென்றால் விளிம்புக்கு முன்பே நினைத்துவிட வேண்டும். உடம்புக்கு எடை உண்டு. அதனால் ஃபோல்டரை நகல் எடுத்து வைத்துக்கொண்டு முதல் லெவலிலிருந்து ஓடப் பழகினாள். ஷிஃப்ட்டைப் பிடித்தபடி அடி அடியாக நகர்வது, ஆடும் கல்லை மிதிக்காமல் தாண்டுவது, கத்தி நீட்டி நிற்பவனின் வீச்சைத் தடுத்த கணமே திருப்பி வீசுவது. நான்காவது லெவலில் வழியை மறித்து ஒரு கண்ணாடி நின்றது. ஓடிவந்து தாவினால் கண்ணாடி உடையாமல் ஆள் மட்டும் இந்தப் பக்கம் வந்தான். அந்தப் பக்கமாக அவனுடைய நிழல் ஓடி மறைந்தது. உயிர் ஒரே ஒரு புள்ளியாகச் சுருங்கியிருந்தது. அடுத்த லெவலில் இவன் குடிக்க வேண்டிய மருந்தை அந்த நிழல் வந்து குடித்துவிட்டுப் போனது. அதற்கடுத்ததில் கதவைச் சாத்தி இவனைப் பள்ளத்தில் விழவைத்தது.

ராத்திரிகளில் அந்த கேமைப் பற்றி வாசித்தாள். 1989-இல் ஜோர்டான் மெக்னர் என்ற இளைஞர் ஆப்பிள் II கம்ப்யூட்டரில் செய்தது. தம்பி டேவிடை ஓடவிட்டு, தாவவிட்டு, வீடியோ எடுத்து, ஒவ்வொரு அசைவையும் படமாக வரைந்திருக்கிறார். மெமரியில் இன்னொரு ஆளை வரைய இடமில்லாதபோது, இருக்கிற ஆளின் படத்தையே கொஞ்சம் மாற்றி நிழலாக்கியிருக்கிறார். பாட்டைப் போட்டுக்கொடுத்தவர் அவருடைய அப்பா, ஃபிரான்சிஸ் மெக்னர். இதை வாசித்த இரவு அவள் திரையை மூடிவிட்டு வெகுநேரம் மொட்டைமாடியில் நடந்தாள். பிள்ளை செய்கிற வேலைக்கு அப்பா பக்கத்தில் உட்கார்ந்து மெட்டுப் போட்டிருக்கிறார். அவளுடைய அப்பா அவள் புரோகிராம் எழுதுவதை வாசலில் நின்று பார்ப்பார், "சாப்ட்டுட்டு எழுதேம்மா" என்பார், போய்விடுவார்.

பிறகு அப்பா சேமித்து வைத்த ஆட்டத்துக்குத் திரும்பினாள். கோபுரத்தில் ஏற முடிந்தது. உச்சியில் நிழல் கத்தியோடு நின்றது. வீசினாள். நிழலுக்கு அடி விழுந்த அதே கணத்தில் இடது மூலையில் அவளுடைய சிவப்பு முக்கோணம் ஒன்று அணைந்தது. மறுபடி வீசினாள், மறுபடி ஒன்று. எவ்வளவு நன்றாகச் சண்டை போட்டாளோ அவ்வளவு சீக்கிரம் செத்தாள். இறங்கி ஏறி மறுபடி போனாள். நிமிஷம் தீர்ந்து, மணல் முழுக்க இறங்கிய கடிகாரமும் இளவரசி இல்லாத அறையும் வந்தன.

"யூடியூப்ல பாத்தா ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சிரும்க்கா," என்றான் தம்பி அருண். விடுதியிலிருந்து வார விடுமுறைக்கு வந்திருந்தான். "பாக்க மாட்டேன்னா இதையாவது பண்ணு." ஃபைலை ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தான்.

```
06 00 A4 02 0C 00 07 00
```

"முதல்ல இருக்கறது நிமிஷம். 0C-ன்னா பன்னண்டு, லெவலு. கடைசி 07 உயிர். அந்த 06-ஐ 3C ஆக்கிட்டா முழுசா அறுபது நிமிஷம். நிதானமா விளையாடு."

"வேண்டாம்டா."

"ஏன்?"

"அது அப்பா வச்சிட்டுப் போன நேரம். அதுல எதையும் நான் தொடமாட்டேன்."

அருண் மறுபேச்சுப் பேசவில்லை. எடிட்டரை சேமிக்காமல் மூடினான். கொஞ்ச நேரம் கழித்து, "அப்பாவாலயும் இதைத் தாண்ட முடியலையோ என்னவோ," என்றான். அவளுக்குள்ளும் அதே எண்ணம்தான் இருந்தது. இன்ஸ்டிடியூட்டை மூடியது, கடன் அடைத்தது, இருபது வருஷம் யாருக்கோ பில் போட்டது என்று அப்பாவின் வாழ்க்கை முழுக்க இந்தக் கோபுர உச்சியில் தோற்று நின்ற மாதிரி அவளுக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. அந்த எண்ணத்தை அவளால் பொறுக்க முடியவில்லை. அதற்காகத்தான் ஜெயிக்க நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அம்மா அடுப்படியில் இருந்தாள். நிவேதா உச்சிக்கு ஏறி, நிழலோடு கத்தி மோதிக்கொண்டிருந்தாள். கணீர் கணீரென்று சத்தம் ஹாலெல்லாம் கேட்டது.

"ஏட்டி, அவன அடிக்காத."

நிவேதாவின் விரல் நின்றது. அம்மா கரண்டியோடு வாசல்படியில் நின்றாள். மொபைலில் பணம் அனுப்பக்கூட மகளைக் கூப்பிடுகிற அம்மா.

"அவன அடிச்சா ஒனக்குத்தான் வலிக்கும். கத்திய உள்ள போடு. கீழ அம்புக்குறி."

நிவேதா கீழம்பை அழுத்தினாள். கத்தி உறைக்குள் போனது. எதிரே நின்ற நிழலும் கத்தியை இறக்கியது.

"இப்ப நேரா அவன் மேல போ."

போனாள். திரை பளீரென்று ஒருமுறை வெட்டியது. நிழல் இல்லை. ஒருவன் மட்டுமே நின்றான். சிவப்பு முக்கோணத்தில் ஒன்று கூடியிருந்தது.

"நிக்காத, நேரம் போகுது. ஓடு. தரை இல்லன்னு பாக்காத, நீ ஓடு, அது வரும்."

எதிரே வெறும் பள்ளம். இத்தனை நாள் ஒரு கல் பிசகினாலும் கொன்ற கேம். நிவேதா ஓடவிட்டாள். கால் பட்ட இடத்தில் எல்லாம் கல் முளைத்தது. அருண் "அய்யோ" என்றான். மேலிருந்து கற்கள் சரிந்தன, தப்பினாள். இளவரசியை அடைத்துவைத்த மந்திரி ஜாஃபர் வந்தான். இவனை அடிக்கலாமா என்று அம்மாவைத் திரும்பிப் பார்க்கத் தோன்றியது, அதற்குள் அம்மாவே "இவன விடாத!" என்று கரண்டியை ஆட்டினாள். தடுத்து, வீசி, பின்வாங்கி, மறுபடி வீசி, ஜாஃபர் விழுந்தான். படியேறினான் இளவரசன். இளவரசி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். சின்ன எலியொன்றும் வந்து நின்றது. ஒரு அப்பா போட்ட மெட்டு ஒலித்தது.

அடுத்து பெயர்ப் பட்டியல். தலைப்புப் படத்திலேயே Ctrl+L போட்டு உள்ளே போய்விடுகிறவள், அது வரும்வரை ஒருநாளும் காத்திருந்ததில்லை. KANNAN, FATHIMA, SELVARAJ, MARIAPPAN. ஒவ்வொன்றுக்கும் எதிரே மிச்சமிருந்த நேரம், ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் என்று. எல்லோருக்கும் மேலே VASANTHI 3:12.

"அம்மா, இது நீயா?"

அம்மா முந்தானையில் கையைத் துடைத்தாள். "நான் ஹையருக்குத் தட்டிக்கிட்டிருந்தேன். சாயங்காலம் கிளாஸ் முடிஞ்சா தடுப்புக்கு அங்கிட்டு எல்லாரும் கூடிருவோம். உங்க அப்பா பன்னண்டாவது வரைக்கும் ஆடி வச்சிருந்தாக. யாரு கேட்டாலும் அதைப் போட்டுக் குடுத்துட்டு எந்திரிச்சிருவாக. மீதி நீங்க முடிங்கன்னு. ஒருத்தருக்கும் சொல்லித்தர மாட்டாக. நாமளா கண்டுபிடிக்கணும்."

"அப்பா முடிச்சதே இல்லையா?"

"அவுகளுக்கு எல்லாம் தெரியும். முடிச்சா பேரு அடிக்கணும்லா? இந்தப் பலகை பிள்ளைகளுக்குன்னு வச்சிருந்தாக." கொஞ்சம் நிறுத்தினாள். "முதல்ல கத்தியப் போட்டது நான்தான். பாவமா இருந்துச்சு, அவன் மூஞ்சி இவன் மூஞ்சி மாதிரியே இருக்கேன்னு. உங்க அப்பா அன்னைக்கு ஒண்ணும் பேசல. அந்தத் தையில பொண்ணு கேட்டு ஆளு அனுப்பிட்டாக."

அருண் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தான். நிவேதாவுக்குக் கண் நிறைந்துவிட்டது; துடைத்துக்கொள்ளாமலே திரையைப் பார்த்தாள். பட்டியலில் கடைசி வரியில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது. எதிரே 0:41. அப்பாவின் பெயரை அடிப்பதாகத்தான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். N என்று தொடங்கித் தன் பெயரை அடித்து என்டரைத் தட்டினாள்.

"நாப்பத்தோரு செகண்டா?" அம்மா நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டாள். "அருணு, போய் அடுப்ப அமத்திட்டு வா. நீ தள்ளு, நிவேதா. அந்த லோடு பண்றது எந்தக் கட்டை, இன்னொருக்கா சொல்லு."