சுவிஸ் முதியோர் காப்புறுதிப் பங்களிப்பை மீளளிக்கக் கோரும் கடிதம்

அனுப்புநர்:
கணபதிப்பிள்ளை தங்கராசா,
கோயில் வீதி, எருவில்,
களுவாஞ்சிகுடி, மட்டக்களப்பு மாவட்டம்,
இலங்கை.

12.03.2025

பெறுநர்:
சுவிஸ் ஈட்டுநிதி அலுவலகம்,
பங்களிப்பு மீளளிப்புப் பிரிவு,
ஜெனீவா, சுவிற்சர்லாந்து.

பொருள்: முதியோர், உயிர்பிழைத்தோர் காப்புறுதிப் (ஏ.எச்.வி.) பங்களிப்புகளை மீளளிக்கக் கோருதல், தங்கள் 20.01.2025ஆம் திகதிக் கடிதத்துக்குப் பதில்

ஐயா / அம்மணி,

தங்கள் கடிதம் பெப்ரவரி 24ஆம் திகதி எங்கள் உபதபாலகத்துக்கு வந்து சேர்ந்தது. மார்ச் 31க்குள் பதில் கேட்டிருக்கிறீர்கள். ஜெனீவாவிலிருந்து எருவிலுக்குத் தபால் வர ஐந்து வாரம் ஆகிறது என்பதால், இந்தக் கடிதத்தை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். இனி ஏதும் கேட்பதானால் கூடுதல் காலம் தந்து கேட்குமாறு தாழ்மையுடன் வேண்டுகிறேன்.

நான் 2009 மே மாதம் முதல் 2023 செப்டெம்பர் வரை பேர்ன் மாநிலத்தில் வேலை செய்தேன். முதலில் உணவகங்களின் சமையலறைகளில். பிறகு ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில். 30.09.2023 அன்று உள்ளூராட்சி அலுவலகமான கெமைண்டேயில் பதிவை நீக்கி, வதிவிட அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நிரந்தரமாக ஊர் திரும்பினேன். மீண்டும் சுவிசில் குடியேறும் எண்ணமில்லை. என் அம்மாவுக்கு 84 வயது. அவரைத் தனியே விட்டுவிட்டு எங்கும் போக முடியாது.

இலங்கைக்கும் சுவிசுக்கும் இடையே சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இல்லை. ஆகவே என் பங்களிப்பை இங்குள்ள ஊழியர் சேமலாப நிதிக்கு மாற்றித் தாருங்கள் என்று கேட்க வழியில்லை, நான் கேட்கவுமில்லை. ஒப்பந்தமில்லாத நாட்டவருக்கு ஓய்வூதியம் சுவிசில் வசித்தால் மட்டுமே கிடைக்கும் என்பதும் தெரியும். களுவாஞ்சிகுடியில் இருந்துகொண்டு நான் வயது வரும்வரை காத்திருந்தாலும் ஒரு பிராங் வரப்போவதில்லை. அதனால்தான் மீளளிப்பைக் கோருகிறேன். வட்டி சேராது என்பதையும், பணம் பெற்ற பின் ஏ.எச்.வி.யிடமோ இயலாமைக் காப்புறுதியிடமோ எனக்கு எந்த உரிமையும் இராது என்பதையும், பணத்தைத் திருப்பிக் கட்டி உரிமையை மீட்க முடியாது என்பதையும் புரிந்துகொண்டே கையெழுத்திட்டிருக்கிறேன். வேலைத்தல ஓய்வூதிய நிதியான பென்சன்காசாவில் இருந்த என் பணம் வேறு விடயம். அதை 2024இல் பெற்று முடித்துவிட்டேன். இந்தக் கோரிக்கை முதலாம் தூண் எனப்படும் ஏ.எச்.வி.யைப் பற்றியது மட்டுமே.

பெயர் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. கணபதிப்பிள்ளை என் தகப்பனார், நான் தங்கராசா. சுவிசில் பதியும்போது தகப்பனாரின் பெயரைக் குடும்பப் பெயராக எழுதினார்கள். பதினான்கு வருடம் வேலைத்தலத்தில் எல்லோரும் என்னை அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் அழைத்தார்கள்; நானும் திரும்பிப் பார்த்துப் பழகிவிட்டேன். இங்கே வங்கியிலும் அடையாள அட்டையிலும் அது முன்னெழுத்து மட்டுமே. ஆங்கில எழுத்திலும் வித்தியாசம் உண்டு: கடவுச்சீட்டில் 'ராஜா' என வரும்படியும், வங்கிப் புத்தகத்தில் 'ராசா' என வரும்படியும் எழுதப்பட்டிருக்கிறது. மூன்றும் ஒரே ஆளைக் குறிக்கின்றன என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்து, பிறப்புச் சான்றிதழுடன் இணைத்திருக்கிறேன்.

குடும்பம் பற்றிய கேள்விக்கு: என் மனைவி ஒருநாளும் சுவிசில் வசித்ததில்லை. ஒரே மகளுக்கு 22 வயது. வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அவளும் சுவிசுக்கு வந்ததில்லை. கிராம உத்தியோகத்தர் வழங்கி, மண்முனை தென் எருவில் பற்று பிரதேச செயலாளர் மேலொப்பமிட்ட வதிவிடச் சான்றிதழில் மூவரின் பெயரும் இருக்கின்றன. பல்கலைக்கழகக் கடிதமும் உண்டு.

அடுத்தது ஐபான் எனப்படும் சர்வதேச வங்கிக் கணக்கு எண். படிவத்தில் அந்தக் கட்டத்தை நான் வெறுமையாக விட்டது கவனக்குறைவால் அல்ல. இலங்கை வங்கிகளில் ஐபான் முறையே இல்லை. இலங்கை வங்கியின் களுவாஞ்சிகுடிக் கிளையில் என் பெயரில் வெளிநாட்டு நாணயக் கணக்கு வைத்திருக்கிறேன். வங்கியின் சுவிப்ட் குறியீடு BCEYLKLX. கணக்கு இலக்கம், கிளைக் குறியீடு, கணக்குக்காரரின் பெயர் ஆகியவை முகாமையாளர் ஒப்பமிட்ட கடிதத்தில் உள்ளன. பேர்னில் இருக்கும் என் மச்சான் தன் கணக்குக்கு அனுப்பச் சொல்லலாம் என்றார், நான் மறுத்துவிட்டேன். பணம் என் பெயரிலுள்ள கணக்குக்கே, பிராங்காகவே வரவேண்டும்.

இனி நான் கேட்பது ஒன்று. நீங்கள் அனுப்பிய தனிநபர் கணக்கு அறிக்கையில் 2011 மார்ச் முதல் 2012 ஜனவரி வரையான 11 மாதங்கள் இல்லை. அந்தக் காலத்தில் நான் வேலையில்லாமல் இருக்கவில்லை. ஓர் உணவகத்தில் காலை பத்து மணிக்குப் போய் இரவு பதினொன்றுக்கு வீடு திரும்பினேன். மாதச் சம்பளம் 3,400 பிராங். சம்பளச் சீட்டின் நான்காவது வரியில் ஏ.எச்.வி., இயலாமைக் காப்புறுதியான ஐ.வி., வருமான இழப்பீட்டுத் திட்டமான இ.ஓ. மூன்றுக்குமாக 5.15 வீதம், அதாவது 175.10 பிராங் கழித்திருக்கிறார்கள். அதில் ஏ.எச்.வி.யின் பங்கு 4.2 வீதம், 142.80 பிராங். முதலாளி கட்டவேண்டிய அதே அளவையும் சேர்த்தால் மாதம் 285.60, பதினொரு மாதத்துக்கு 3,141.60 பிராங். உங்களுக்கு இது சின்னத் தொகையாக இருக்கலாம். எனக்கு அப்படியல்ல.

அந்தச் சீட்டுகளை ஒரு பிஸ்கட் தகரத்தில் போட்டு ஊருக்குக் கொண்டுவந்திருந்தேன். ஒன்பது கிடைத்தன. மை மங்கிவிட்டது, ஆனாலும் கழிவைக் காட்டும் வரி படிக்கும் நிலையில் இருக்கிறது. மிகுதி இரண்டும், 2011 ஓகஸ்ட், செப்டெம்பர், கைவசம் இல்லை. அதே இரு மாதங்களிலும் அதே நிகரத் தொகை என் கணக்கில் விழுந்ததை அப்போதைய வங்கி அறிக்கை காட்டுகிறது. கழித்த பணத்தை முதலாளி கட்டினாரா என்பதை நான் அறியேன். ஏ.எச்.வி. சட்டத்தின் 30டெர் பிரிவின்படி, சம்பளத்திலிருந்து பங்களிப்பு கழிக்கப்பட்டிருந்தால், முதலாளி அதைச் செலுத்தாவிட்டாலும் அந்த வருமானத்தைத் தொழிலாளியின் கணக்கில் பதியவேண்டும். எனவே இந்தப் பதினொரு மாதங்களையும் சேர்த்து, திருத்திய அறிக்கையை வழங்கி, அதன் அடிப்படையில் மீளளிப்பைக் கணக்கிடுமாறு கேட்கிறேன். உணவகத்தின் பெயரும் முகவரியும் சீட்டுகளில் இருக்கின்றன.

இந்த விசாரணைக்குக் காலம் எடுக்குமானால், தகராறில்லாத மற்ற மாதங்களுக்குரிய தொகையை முதலில் அனுப்பிவிட்டு, இதைத் தனியே முடிவு செய்யலாம். அந்த 11 மாதங்களை ஏற்க மறுத்தால், காரணத்தைக் குறிப்பிட்டு, ஆட்சேபனை தெரிவிக்கக்கூடிய எழுத்துமூலத் தீர்மானமாக அதை அனுப்பவும்.

இக்கடிதத்தைத் தமிழில் எழுதியதற்குக் காரணம், இதில் வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் நானே பொறுப்பாக இருக்க விரும்பியதுதான். சமையலறை ஜெர்மன் இதற்குப் போதாது. சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு கூடவே வருகிறது.

இப்படிக்கு,
உண்மையுள்ள,

(ஒப்பம்)
க. தங்கராசா

இணைப்புகள்: நிரப்பிய மீளளிப்பு விண்ணப்பப் படிவம், காப்புறுதிச் சான்றிதழ் நகல், கடவுச்சீட்டு நகல், கெமைண்டே பதிவு நீக்கச் சான்றிதழ், பிறப்பு மற்றும் விவாகச் சான்றிதழ்கள் (கொழும்பு வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் அத்தாட்சிப்படுத்தியவை), சத்தியக் கடதாசி, வதிவிடச் சான்றிதழ், பல்கலைக்கழகக் கடிதம், வங்கிக் கடிதம், ஒன்பது சம்பளச் சீட்டுகளின் நகல்கள், 2011 வங்கி அறிக்கை, ஆங்கில மொழிபெயர்ப்பு. சம்பளச் சீட்டுகளின் மூலப்பிரதிகள் என்னிடமே இருக்கின்றன. கேட்டால் கொழும்பிலுள்ள சுவிஸ் தூதரகத்துக்கு நேரில் கொண்டுசென்று காட்டுவேன், தபாலில் அனுப்பமாட்டேன்.