கன நாளுக்குப் பிறகு ஒரு படம்

எல்லாருக்கும் வணக்கம். கன நாளாக இந்தப் பக்கம் வரவில்லை. சுகமாக இருக்கிறேன், இப்போதைக்கு அவ்வளவுதான்.

படத்தில் இருப்பது பாலைப்பழம். மாங்குளம் தாண்டி ஏ9 வீதியோரம் ஒரு அம்மா பேணியால் அளந்து விற்றுக்கொண்டிருந்தா. நல்ல இனிப்பு. பால் உதட்டில் ஒட்டிக்கொண்டு, கழுவியும் போகவில்லை. தேங்காய் எண்ணெய் தடவித்தான் எடுத்தேன். அப்புறம் முறிகண்டியில் இறங்கிப் பிள்ளையாரைக் கும்பிட்டு, சுடச்சுடக் கச்சானும் வாங்கினோம்.

"எங்கை, ஆளைக் காணேல்லை?" என்று இன்பாக்ஸில் தேடின எல்லாருக்கும் என் அன்பு. அதையெல்லாம் வாசித்தேன், பெரிய ஆறுதலாக இருந்தது. ஒவ்வொன்றாகப் பதில் போடுகிறேன். பழம் முடிவதற்குள் கிளிநொச்சிப் பக்கம் வருகிறவர்கள் கட்டாயம் சொல்லுங்கள், சந்திப்போம்.