ரேகை விழவில்லை: மேடைக் குறுநாடகப் பிரதி

எங்கள் தெருப் பொங்கல் விழாவுக்கு. நேரம்: 6 நிமிடம்.

போன ஆண்டு இதே மேடையில் நான் ஒருவனாக நின்று 4 நிமிடம் சொன்ன கதைதான் இது. அப்போது சொன்னதன் நடுப்பகுதி:

“பாட்டியை ரேஷன் கடைக்கு அழைத்துப் போனேன். விரலை வைத்தார். ரேகை விழவில்லை என்றார்கள். விழவில்லையா என்று பாட்டி தரையில் தேடினார். ஐம்பது ஆண்டு அம்மி அரைத்த விரல். ரேகையெல்லாம் சட்னியோடு போய்விட்டது. அந்தக் கருவிக்கு எப்படித் தெரியும்?”

மேடைப் பிரதியில் கடைசி மூன்று வரிகளை எடுத்துவிட்டேன். தனியாக நிற்பவன் விளக்கம் சொல்லித்தான் ஆகவேண்டும். பாட்டியே எதிரே நிற்கும்போது விளக்கம் எதற்கு? தெருக்கூத்தின் கட்டியங்காரன் போலப் பேரனைக் கதை சொல்லியாக வைத்துப் பார்த்தேன். அவன் பேசப் பேச எல்லோரும் அவனைத்தான் பார்த்தார்கள், பாட்டியின் கையைப் பார்க்கவில்லை. அதனால் பேரனும் வெறும் பாத்திரமாகிவிட்டான். ஒன்றை மட்டும் எல்லோரும் மனதில் வைக்கவேண்டும்: சிரிப்பு பாட்டியைப் பார்த்து வரக்கூடாது, பாட்டி சொல்வதைக் கேட்டு வரவேண்டும். கூன், நடுங்கும் குரல், தள்ளாட்டம் எதுவும் வேண்டாம். அவர் உடல் உறுதியான பெண்மணி.

பாத்திரங்கள்: பாட்டி (72), பேரன் (19), விற்பனையாளர் (40, பெண்), வரிசையில் நிற்பவர் (58). ஐந்தாவது ஆள் மேடைக்குப் பின்னால் இருப்பார், அவர்தான் கருவி. எவர்சில்வர் டம்ளரில் கரண்டியால் இரண்டு தட்டு தட்டினால் ரேகை ஏற்கவில்லை, ஒரே தட்டு தட்டினால் ஏற்றுக்கொண்டது.

பொருட்கள்: மேசை, கருவிக்கு ஒரு சிறு பெட்டி, இரண்டு துணிப்பைகள், சிறிய எண்ணெய்ப் புட்டி, 55 ரூபாய்.

நமக்குக் கிடைப்பது இரண்டு மைக் மட்டுமே. ஒன்று மேசையருகே, மேடை நடுவில். மற்றொன்று பார்வையாளருக்கு இடப்பக்கம், வரிசையில் நிற்பவருக்கு. விற்பனையாளரும் பாட்டியும் மேசையின் இரு முனைகளில், பாதி முகம் பார்வையாளருக்குத் தெரியும்படி நிற்கவேண்டும். கருவி பார்வையாளர் பக்க விளிம்பில் இருக்கட்டும். பாட்டியின் கை எப்போதும் தெரியவேண்டும். பேரன் பேசும்போது மட்டும் பாட்டியின் தோளருகே ஓரடி முன்னால் வருவான், பேசியதும் பின்வாங்குவான்.

அடைப்புக்குறிக்குள் உள்ள எண் மௌன விநாடி. சிரிப்பு எழுந்தால் அது அடங்கத் தொடங்கியதும் அடுத்த வசனத்தைப் பிடியுங்கள், முழுதாக அடங்கக் காத்திருக்கவேண்டாம்.

*

0:00

(விளக்கு எரியும்போது எல்லோரும் இடத்தில் இருக்கிறார்கள்.)

விற்பனையாளர்: அடுத்தவர் வாருங்கள். கார்டு?

பாட்டி: (முந்தானை முடிச்சை நிதானமாக அவிழ்த்து) இது கார்டு. பருப்புக்கு முப்பது, பாமாயிலுக்கு இருபத்தைந்து. எண்ணிக்கொள் தாயி.

விற்பனையாளர்: காசு கடைசியில், பாட்டி. முதலில் விரல்.

(பாட்டி வலது கட்டைவிரலை வைக்கிறார். (2) இரண்டு தட்டு.)

விற்பனையாளர்: ரேகை விழவில்லை.

(பாட்டி விற்பனையாளரைப் பார்க்கிறார் (1). மெல்லக் குனிந்து தரையில் தேடுகிறார். (2) வரிசையில் நிற்பவரும் தன் காலடியைப் பார்க்கிறார். (2) கடைசியாகப் பேரன், பையைத் தூக்கிக் கீழே பார்க்கிறான்.)

பாட்டி: இங்கே ஒன்றும் விழவில்லையே.

விற்பனையாளர்: அதைத்தான் நானும் சொல்கிறேன்.

1:10

(இங்கிருந்து வேகம். வசனங்களுக்கு நடுவே மூச்சு விடாதீர்கள்.)

வரிசையில் நிற்பவர்: துடைத்துவிட்டு வையுங்கள்.

(துடைக்கிறார், வைக்கிறார். இரண்டு தட்டு.)

வரிசையில் நிற்பவர்: அழுத்தி வையுங்கள்.

(இரண்டு தட்டு.)

வரிசையில் நிற்பவர்: அவ்வளவு அழுத்தக்கூடாது.

(இரண்டு தட்டு.)

வரிசையில் நிற்பவர்: தேங்காய் எண்ணெய் தடவினால் விழும். (சட்டைப்பையிலிருந்து புட்டியை எடுத்து நீட்டுகிறார்.)

பேரன்: இதையெல்லாம் கையோடு கொண்டுவருவீர்களா?

வரிசையில் நிற்பவர்: (2) போன மாதம் எனக்கும் விழவில்லை, தம்பி.

(இந்த வரியில் நகைச்சுவைத் தொனி வேண்டாம். உண்மையாகச் சொன்னால் போதும், சிரிப்பு தானே வரும். பாட்டி எண்ணெய் தடவி வைக்கிறார். இரண்டு தட்டு.)

விற்பனையாளர்: இப்போது விரல் வழுக்குகிறது.

2:15

பேரன்: நான் வைக்கட்டுமா?

விற்பனையாளர்: இந்தக் கார்டில் உங்கள் பெயர் இருக்கிறதா?

பாட்டி: மகள் வீட்டுப் பையன். கார்டு வேறு. ஆனால் இவன் விரலில் ரேகை அச்சுப்போல இருக்கும், தாயி.

பேரன்: (பெருமையாக) அப்படியா பாட்டி?

பாட்டி: (1) வேலை செய்தால்தானே தேயும்.

(இது முடிவுக்கான விதை. தெளிவாக, மெதுவாகச் சொல்லவேண்டும்.)

பேரன்: கண்ணைப் பார்க்கும் கருவி வந்திருக்கிறதாமே?

விற்பனையாளர்: பழுது பார்க்கப் போயிருக்கிறது. பாட்டி, ஆதாருக்குப் பத்து விரலும் பதிந்திருப்பார்கள். ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்போம்.

2:50

(நாடகத்தின் உயிர் இந்தப் பகுதி. வேகத்தைப் பாதியாகக் குறையுங்கள். ஒவ்வொரு விரலையும் பாட்டி முதலில் பார்வையாளருக்குக் காட்டி, பிறகு வைப்பார்.)

பாட்டி: (வலது ஆட்காட்டி) இது தோசைக்கல்லில் சுட்டது. உங்கள் தாத்தாவுக்குச் சூடாக வேண்டும். (1. இரண்டு தட்டு.)

பாட்டி: (நடுவிரல்) இது அரிவாள்மணையில் வெட்டியது. அன்றைக்குப் பலாக்காய். (1. இரண்டு தட்டு.)

பாட்டி: (மோதிர விரல்) இது அம்மி.

பேரன்: அம்மியில் நசுங்கியதா?

பாட்டி: இல்லை. ஐம்பது வருடம் அம்மி.

(3. யாரும் அசையாதீர்கள். இந்த மூன்று விநாடியைக் கடக்க அவசரப்படவேண்டாம். அரங்கில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் தன் வீட்டுக் கை ஒன்று நினைவுக்கு வரட்டும். பிறகுதான் இரண்டு தட்டு.)

(வரிசையில் நிற்பவர் தன் மைக்கை விட்டு இரண்டடி முன்வருகிறார். விற்பனையாளரும் நெருங்கி வருகிறார். மூவரும் பாட்டியின் கையைச் சுற்றி அரைவட்டமாக, பார்வையாளர் பக்கம் திறந்திருக்க, நிற்கிறார்கள். பாட்டி அடுத்த ஐந்து விரல்களைப் பேசாமல், சீரான தாளத்தில் வைக்கிறார்: இரண்டு தட்டு, ஐந்து முறை. நான்காவதிலிருந்து வரிசையில் நிற்பவரின் தலையும் தாளத்துக்கு ஆடுகிறது.)

விற்பனையாளர்: ஒன்பது ஆகிவிட்டது.

பாட்டி: (இடது சுண்டுவிரலை உயர்த்தி) இது மட்டும்தான் பாக்கி. இது எந்த வேலையும் செய்ததில்லை. மற்ற ஒன்பதும் உழைக்கும், இது வேடிக்கை பார்க்கும்.

(வைக்கிறார். (4) நாடகத்தின் நீண்ட மௌனம் இதுதான். ஒரே தட்டு.)

விற்பனையாளர்: விழுந்துவிட்டது!

(வரிசையில் நிற்பவர் பழக்கத்தில் குனிந்து தரையைப் பார்க்கிறார். (2))

5:00

பாட்டி: (விரலை முகத்தருகே கொண்டுவந்து) உழைத்த ஒன்பது பேருக்கும் அரிசி இல்லை. சும்மா இருந்த உனக்கு உண்டா?

(விற்பனையாளர் பையை எடுத்துக் கொடுக்கிறார். காசை வாங்குகிறார், எண்ணவில்லை.)

விற்பனையாளர்: அடுத்த மாதமும் இந்த விரலையே வையுங்கள், பாட்டி. பத்திரம்.

(பாட்டி யோசிக்கிறார் (2). முந்தானை நுனியைச் சுண்டுவிரலில் மூன்று சுற்று சுற்றி முடிச்சுப் போடுகிறார். பையைப் பேரனிடம் நீட்டுகிறார்.)

பாட்டி: நட, கண்ணு. இன்றிலிருந்து வீட்டில் பாத்திரம் நீ துலக்கு.

பேரன்: நானா? ஏன் பாட்டி?

பாட்டி: (கட்டிய விரலைக் காட்டி) இது தேய்ந்தால் அடுத்த மாதம் சோறு கிடையாது.

(பாட்டி பார்வையாளருக்கு வலப்பக்கம் வெளியேறுகிறார், விரல் உயர்ந்தபடி. பேரன் தன் பத்து விரல்களையும் விரித்துப் பார்க்கிறான் (2). ஓடிப் பின்தொடர்கிறான். வரிசையில் நிற்பவர் மேசைக்கு வந்து, எதுவும் கேட்காமல், இடது சுண்டுவிரலை வைக்கிறார். இரண்டு தட்டு. விளக்கு அணைகிறது.)