கடை ஊழியர் சம்பளம்: புதிய சட்டத்தில் நம் கடைகள் செய்ய வேண்டியவை

வணிகர் சங்க உறுப்பினர்களுக்கான சுற்றறிக்கை
நாள்: 10 டிசம்பர் 2025

மத்திய அரசின் ஊதியச் சட்டத் தொகுப்பு, 2019 கடந்த நவம்பர் 21-ஆம் தேதி நடைமுறைக்கு வந்துவிட்டது. சம்பளப் பட்டுவாடாச் சட்டம் (1936), குறைந்தபட்ச ஊதியச் சட்டம் (1948), போனஸ் சட்டம் (1965), சம ஊதியச் சட்டம் (1976) ஆகிய நான்கும் இதற்குள் அடக்கம். "நம்மிடம் இருப்பதே மூன்று பேர், இதெல்லாம் பெரிய கம்பெனிக்குத்தானே" என்று உறுப்பினர்கள் பலர் கேட்கிறார்கள். அப்படி இல்லை. சம்பளம் பற்றிய விதிகளுக்கு ஆள் கணக்கு கிடையாது. ஒரே ஒரு பையனை வைத்து மளிகைக் கடை நடத்துபவருக்கும் இது பொருந்தும்.

முதலில் தேதி. மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கைக்குப் போய்ச் சேர வேண்டும். டிசம்பர் சம்பளத்துக்குக் கடைசி நாள் 2026 ஜனவரி 7. வாரக் கூலி என்றால் வார விடுமுறைக்கு முந்தைய வேலை நாளிலும், தினக் கூலி என்றால் அன்றைய வேலை முடியும்போதும் கொடுத்துவிட வேண்டும். பணமாகவோ, காசோலையாகவோ, வங்கிக் கணக்கிலோ தரலாம். கையில் பணமாகக் கொடுப்பதில் தவறில்லை, ஆனால் கையெழுத்து வாங்காமல் கொடுக்காதீர்கள். ஏன் என்று கீழே வருகிறது.

ஒருவர் வேலையை விட்டுப் போனாலும், நீங்களே நிறுத்தினாலும், இரண்டு வேலை நாட்களுக்குள் கணக்கு முடிக்க வேண்டும். டிசம்பர் 20, சனிக்கிழமையோடு ஒருவர் நின்றுகொள்கிறார், ஞாயிறு கடை விடுமுறை என்று வையுங்கள். 23-ஆம் தேதி செவ்வாய்க்குள் பாக்கி முழுவதையும் தந்துவிட வேண்டும். "அடுத்த மாதம் எல்லோருக்கும் போடும்போது வந்து வாங்கிக்கொள்" என்று சொல்லும் பழக்கம் நம் கடைவீதியில் நிறைய உண்டு. இனி அது செல்லாது.

அடுத்தது பிடித்தம். சந்தேகம் அதிகம் வருவது இதில்தான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எல்லாப் பிடித்தமும் சேர்ந்து அந்தச் சம்பளக் காலத்து ஊதியத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. 14,000 ரூபாய் வாங்குபவரிடம் ஒரு மாதத்தில் 7,000-க்கு மேல் பிடிக்க முடியாது, அவர் வாங்கிய முன்பணம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சரி. பொங்கலுக்கு முன்பணம் கொடுக்கப்போகிறவர்கள் இதை மனதில் வைத்துத் தவணையை முடிவு செய்யுங்கள்.

கல்லாவில் பணம் குறைந்தாலோ சரக்கு உடைந்தாலோ உடனே சம்பளத்தில் கை வைக்கக் கூடாது. அந்தப் பணமோ பொருளோ அந்த ஊழியரின் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும். இழப்பு நேராக அவருடைய கவனக்குறைவால் வந்திருக்க வேண்டும். விளக்கம் சொல்ல அவருக்கு வாய்ப்பும் தர வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் நடந்த இழப்புக்கு மேல் ஒரு ரூபாய்கூடப் பிடிக்க முடியாது. நான்கு பேர் கை வைக்கும் கல்லாவில் குறைந்த பணத்தை நால்வர் தலையிலும் பங்கு போடுவது இந்தச் சட்டத்தின்படி நிற்காது.

அபராதம் இதைவிடக் கடினம். எந்தெந்தத் தவறுக்கு அபராதம் என்பதற்கு முன்கூட்டியே அரசுத் தரப்பு ஒப்புதல் பெற்று, அதைக் கடையில் எழுதி வைத்திருக்க வேண்டும். அதன் பிறகும் மாத ஊதியத்தில் 3 சதவீதம்தான் உச்சவரம்பு, அதாவது 14,000-க்கு 420 ரூபாய். தவறு நடந்த 90 நாளுக்குப் பிறகு வசூலிக்க முடியாது, தவணையாகவும் பிடிக்க முடியாது. வந்த பணத்தையும் ஊழியர் நலனுக்குத்தான் செலவிட வேண்டும். தாமதமாக வந்தால் ஐம்பது, போன் பேசினால் நூறு என்று பலகை வைத்திருப்பவர்கள் அதைக் கழற்றிவிடுவது நல்லது. சின்னக் கடைக்கு இந்த அபராத வேலையே வேண்டாம் என்பது என் கருத்து.

குறைந்தபட்ச ஊதியம்: கடைகளுக்குத் தமிழ்நாடு அரசு ஏற்கெனவே அறிவித்துள்ள விகிதம் தொடர்கிறது. பஞ்சப்படி ஆண்டுதோறும் ஏப்ரல் 1 முதல் மாறும், அதனால் மார்ச் கடைசியில் ஒருமுறை சரிபாருங்கள். சாப்பாடு, தங்குமிடம் என்று சம்பளத்துக்குப் பதிலாகப் பொருளாகத் தருவதை மொத்த ஊதியத்தில் 15 சதவீதம் வரைதான் சம்பளமாகக் கணக்கிட முடியும். ஒரே வேலைக்கு ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று சம்பளம் தரக் கூடாது. ஜவுளிக் கடைக்காரர்கள் குறிப்பாகக் கவனிக்கவும். கூடுதல் நேர வேலைக்கு இரட்டிப்புக் கூலி.

அடிப்படைச் சம்பளம் பாதிக்குக் குறையக் கூடாது என்று பேசிக்கொள்கிறார்களே, அது சம்பளத்தைப் பல படிகளாகப் பிரித்துத் தருபவர்களின் கவலை. மொத்தமாக ஒரே தொகையாகக் கொடுப்பவர்களுக்கு அதில் பெரிய மாற்றம் இல்லை.

இனி எழுத்து வேலை. ஊழியர் விவரம், வருகை, சம்பளம், பிடித்தம் ஆகியவற்றுக்குப் பதிவேடு வேண்டும். நோட்டிலும் எழுதலாம், கணினியிலும் வைக்கலாம். ஒவ்வொருவருக்கும் சம்பளச் சீட்டு தர வேண்டும். சம்பள விகிதம், சம்பளம் தரும் நாளும் நேரமும், ஆய்வாளரின் பெயர், முகவரி, சட்டத்தின் சுருக்கம் ஆகியவற்றைக் கடையில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்ட வேண்டும். மாநில விதிகள் இறுதியாகி வரும்வரை, புதிய சட்டத்துக்கு முரண்படாத பழைய விதிகளும் படிவங்களும் செல்லும். புதுப் படிவம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

கையெழுத்து ஏன் என்றால், சம்பளம் தரவில்லை, குறைத்துத் தந்தார் என்று ஊழியர் புகார் கொடுத்தால், கொடுத்ததை நிரூபிக்க வேண்டியது நாம்தான். அவருக்குப் புகார் தர மூன்று வருடம் அவகாசம் உண்டு. பாக்கித் தொகையோடு அதைப் போல் பத்து மடங்கு வரை இழப்பீடு தர உத்தரவிடவும் முடியும். அதனால் பழைய நோட்டுகளைப் போகிப் பண்டிகையில் கொளுத்திவிடாதீர்கள்.

தண்டனை: சம்பளம் குறைத்துத் தந்தால் 50,000 ரூபாய் வரை அபராதம். ஐந்து ஆண்டுக்குள் மறுபடி அதே தவறு என்றால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். பதிவேடு இல்லையென்றால் 10,000 வரை. சம்பளக் குறைவு அல்லாத மற்ற மீறல்களுக்கு 20,000 வரை. இந்த மற்ற மீறல்களுக்கு ஆய்வாளர் நேராக வழக்குப் போடுவதில்லை. முதலில் எழுத்து மூலம் அவகாசம் தருவார், அதற்குள் சரிசெய்தால் அதோடு முடிந்தது. அவர் தரும் கடிதத்தை வாங்க மறுத்துத் திருப்பி அனுப்புவதுதான் இருப்பதிலேயே பெரிய முட்டாள்தனம்.

பத்து பேரோ அதற்கு மேலோ இருக்கும் கடைகளுக்கு இன்னொரு வேலை. பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதே நவம்பர் 21-இல் வந்திருக்கிறது. பத்து தொழிலாளரும் அதற்கு மேலும் உள்ள இடங்களில் எல்லோருக்கும் பணி நியமனக் கடிதம் கட்டாயம். ஏற்கெனவே வேலையில் இருந்து கடிதம் பெறாதவர்களுக்கு மூன்று மாத அவகாசம், 2026 பிப்ரவரி 20-க்குள் கொடுத்துவிடுங்கள். பத்துக்குக் குறைவான கடைக்காரர்களும் ஒரு பக்கக் கடிதம் கொடுத்துவிட்டால் பின்னால் தகராறு குறையும். போனஸ் விதி இருபது பேரும் அதற்கு மேலும் உள்ள கடைகளுக்குத்தான். மற்றவர்கள் தீபாவளிக்குத் தருவது வழக்கத்தின்படி தொடரட்டும்.

1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் சட்டம் அப்படியே இருக்கிறது. எட்டு மணி நேர வேலை, வார விடுமுறை, 2021 திருத்தத்தின்படி ஊழியர் உட்கார இருக்கை, இவற்றில் எதுவும் மாறவில்லை.

சம்பளச் சீட்டு, நியமனக் கடிதம் இரண்டின் மாதிரியும் தமிழில் தயாராக இருக்கிறது. டிசம்பர் 17, புதன்கிழமை முதல் மாலை 4 மணிக்கு மேல் சங்க அலுவலகத்தில் வாங்கிக்கொள்ளலாம். சம்பள நோட்டையும் கொண்டு வந்தால் உட்கார்ந்து பார்த்துத் தருகிறோம்.

செயலாளர்